வெளிச்சம் உங்களுடையது அல்ல

நம்மவர்கள் நகராண்மைக்கு எழுதும் புகார்க் கடிதங்களில் பெரும்பாலானவை தோற்பதற்கென்றே எழுதப்படுகின்றன. செபராங் ஜெயாவில் வளர்ந்து இன்னும் அங்கேயே குடியிருப்பவன் நான். எங்கள் பக்கம் தெருக்களுக்கெல்லாம் மீன் பெயர்கள்: தெங்கிரி, தோடாக், செம்பிலாங், துனா. அலுவலக மலாய் எனக்குக் கொஞ்சம் கைவரும் என்பதால், "தம்பி, இந்த லெட்டரைக் கொஞ்சம் பாத்துக் குடு" என்று அக்கம்பக்கத்தார் கொண்டுவருவார்கள். அதில் அடிக்கடி வரும் விஷயம் ஒன்றுதான். பக்கத்து வீட்டுக்காரர் அனுமதி எடுக்காமல் பின்னால் இழுத்துக் கட்டிவிட்டார், எங்கள் வீடு இருண்டு போச்சு, பின் லோரோங்கில் நடக்க வழியில்லை.

கடிதத்தின் வாசகமும் ஏறக்குறைய ஒன்றுதான். முப்பது வருஷமா இங்க இருக்கோம். அம்மாவுக்குச் சுகர், கண் சரியில்ல. அவங்க படுக்கிற அறையில பகல்லயே லைட்டு போட வேண்டியிருக்கு. பக்கத்து வீட்டுக்காரர் காசுள்ளவர், யாரையும் மதிக்கிறதில்ல. நகராண்மை தயவுகூர்ந்து எங்கள் நிலைமையைக் கருத்தில் கொண்டு ஆவன செய்ய வேண்டும்.

எல்லாம் உண்மை. அந்த அம்மாவை எனக்குத் தெரியும், அந்த அறையில் நின்றிருக்கிறேன். ஆனால் இரண்டு பக்கக் கடிதத்தில் பக்கத்து வீட்டின் லாட் எண் இல்லை. வேலை எந்தத் தேதியில் தொடங்கியது என்பது இல்லை. சுவர் எத்தனை அடி உயரம், முன்பு அங்கே என்ன இருந்தது என்பதும் இல்லை. இந்தக் கடிதத்தை வாங்கும் அதிகாரி நல்லவராகவே இருக்கட்டும். அவர் இதை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? வருத்தப்படலாம். வருத்தத்துக்கு எந்தச் சட்டத்திலும் பிரிவு கிடையாது.

இந்தக் கடிதம் எங்கிருந்து வருகிறது என்று யோசித்திருக்கிறேன். தோட்டத்தில் கிராணி எழுதிக் கொடுத்த மனுவின் பேரப்பிள்ளை இது. லயம் தோட்டத்துக்குச் சொந்தம். சுவரும் கூரையும் சன்னலும் முதலாளியுடையவை. அங்கே வெளிச்சம் வேண்டுமென்றால் துரையின் இரக்கத்தைத்தான் கேட்க முடியும், வேறு வழி இருக்கவில்லை. அதனால் அந்த மனு நோயைச் சொன்னது, பிள்ளைகளின் எண்ணிக்கையைச் சொன்னது, விசுவாசமாக உழைத்த வருஷங்களைச் சொன்னது. அன்றைக்கு அது சரியான மொழி.

இன்றைக்கு அந்தக் குடும்பத்தின் மகன் வங்கிக் கடன் கட்டி ஒரு வரிசை வீடு வாங்கியிருக்கிறான். அந்தப் பரம்பரையில் முதன்முதலாகப் பெயரில் எழுதப்பட்ட மண் அது. நில வரி கட்டுகிறான், சுக்கை பிந்து கட்டுகிறான். ஆனால் கடிதம் எழுத உட்கார்ந்ததும் அவன் கை துரை பங்களாவின் வாசலுக்குப் போய்விடுகிறது. என் சண்டை இந்தக் கையோடுதான்.

இலக்கிய வாசகர்களிடம் இதை ஏன் சொல்கிறேன் என்றால், அந்தக் கையை வளர்த்ததில் நமக்கும் பங்கிருக்கிறது. நம் கதைகளில் இருட்டு அறை ஒரு படிமம். அதை இருட்டாக்கிய சுவரின் உயரத்தைக் கதை கேட்பதில்லை, கேட்க வேண்டியதும் இல்லை. ஆனால் படித்த பிள்ளை என்று நம்மிடம் கடிதம் எழுதக் கொடுக்கும்போது, நாமும் அதே படிமத்தைத்தான் மலாயில் மொழிபெயர்த்துக் கொடுக்கிறோம்.

சரி, எப்படித்தான் எழுதுவது? அதற்கு முதலில் ஒரு கசப்பான செய்தியை விழுங்க வேண்டும். உங்கள் சன்னலுக்கு இத்தனை காலம் வந்துகொண்டிருந்த வெளிச்சம், மலேசியச் சட்டத்தின் பார்வையில் உங்களுடையது அல்ல.

இங்கிலாந்தில் அப்படியில்லை. 1832-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி, ஒரு சன்னல் வழியே இருபது ஆண்டுகள் தடையில்லாமல் வெளிச்சம் வந்திருந்தால் அது உரிமையாகிவிடும். பக்கத்தில் கட்டுபவர் அதைப் பெருமளவு மறைக்க முடியாது. இந்தியாவிலும் 1882-ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம், பிரிவு 15, இதையே சொல்கிறது. அங்கும் இருபது வருஷக் கணக்குத்தான். அதனால்தான் யூடியூபில் தமிழ்நாட்டு வழக்கறிஞர்கள் பேசுவதைக் கேட்டுவிட்டு நம் ஆட்கள் தெம்பாக வருகிறார்கள். "இருவது வருஷம் தாண்டிட்டா யாரும் மறைக்க முடியாதாமே தம்பி?" அது திருச்சியில் சரி. பிறை ஆற்றுக்கு இந்தப் பக்கம் சரியில்லை.

நம்முடைய 1965-ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டம், பிரிவு 284, நீண்டகாலம் அனுபவித்தேன் என்ற ஒரே காரணத்துக்காக அப்படிப்பட்ட உரிமை எதுவும் பிறக்காது என்று கதவைச் சாத்திவிட்டது. பக்கத்து நிலத்துக்காரர் தானே முன்வந்து எழுதிக் கொடுத்து, அது பதிவாகியிருந்தால்தான் உண்டு. ஒரு தாமானில் பக்கத்து வீட்டுக்காரருக்கு வெளிச்சம் எழுதிக் கொடுத்த புண்ணியவானை நான் கேள்விப்பட்டதில்லை. ஆகவே, கடிதத்தில் நாம் மிகவும் நம்பி எழுதும் 'முப்பது வருஷமா இருக்கோம்' என்ற வரிதான் சட்டப்படி மிகவும் காலியான வரி.

அப்படியானால் ஒன்றுமே செய்ய முடியாதா? முடியும். ஆனால் பிடிக்க வேண்டிய இடம் வேறு. உங்கள் வெளிச்சத்துக்குக் காவல் இல்லை, ஆனால் அவருடைய பிளானுக்குக் காவல் இருக்கிறது.

1974-ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின் பிரிவு 70, உள்ளூராட்சியின் எழுத்துபூர்வமான முன் அனுமதி இல்லாமல் யாரும் கட்டடம் எழுப்பக் கூடாது என்கிறது. புது வீட்டுக்கு மட்டுமல்ல, இருக்கும் வீட்டைப் பெரிதாக்கவும் இது பொருந்தும். மீறினால் 50,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். பிரிவு 72, அப்படிக் கட்டியதை நிறுத்தவும் மாற்றவும் இடிக்கவும் சொல்லும் அதிகாரத்தைத் தருகிறது. கேட்காவிட்டால் உள்ளூராட்சி மாஜிஸ்திரேட் நீதிமன்றத்துக்குப் போகலாம். இந்தக் குற்றத்தில் பாதிக்கப்பட்டவர் என்று உங்கள் பெயர் எங்கும் வராது. அவர் உங்களுக்கு எதிராக அல்ல, அனுமதிக்கு எதிராகக் கட்டியிருக்கிறார். நீங்கள் சாட்சி. கடிதத்தைச் சாட்சி எழுதுவது போலத்தான் எழுத வேண்டும்.

ஒரு வீட்டை வைத்துக் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். எங்கள் பக்கத்து ஒற்றைமாடி வரிசை வீடு ஒன்று, அகலம் 20 அடி, அதாவது ஏறத்தாழ 6 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பின்னால் துணி காயப்போடும் சின்ன முற்றம். கிழக்குப் பக்கம் அடுத்த வீடு. இரண்டு முற்றங்களுக்கும் நடுவே ஆறடி மதில், 1.8 மீட்டர். பினாங்கில் மார்ச் மாதம் சூரியன் ஏழரை மணிக்குச் சற்று முன்னால் எழுந்து, ஏறக்குறைய செங்குத்தாக ஏறும், மணிக்குப் பதினைந்து பாகை. உங்கள் முற்றத்தின் நடுப்பகுதி மதிலிலிருந்து 3 மீட்டர். ஆறடி மதிலைத் தாண்டி வெயில் அங்கே விழ ஒன்பதரை ஆகும்.

இப்போது பக்கத்து வீட்டுக்காரர் தன் முற்றத்தை முழுக்க மூடி, எல்லைக் கோட்டிலேயே இரண்டு மாடி எழுப்புகிறார். மதில் இருந்த இடத்தில் 6 மீட்டர் சுவர். இனி அதே இடத்தில் வெயில் விழ ஏறக்குறைய பதினொன்றே முக்கால் ஆகிவிடும். காலையில் இரண்டு மணி நேரத்துக்கும் மேல் போயிற்று. ஈரத்துணி நாறும், சுவரில் பாசி பிடிக்கும், அம்மாவின் அறையில் லைட்டு எரியும். இது நிஜமான நஷ்டம், மணிக்கணக்கில் அளக்கக்கூடிய நஷ்டம்.

ஆனால் கட்டட உபவிதி இதை அளக்கவில்லை. 1984-ஆம் ஆண்டின் சீரான கட்டட உபவிதிகளில் 39-ஆவது, குடியிருக்கும் அறைக்கு இயற்கை வெளிச்சம் வேண்டும் என்கிறது. சன்னலின் பரப்பு அறைத் தரையின் பரப்பில் பத்தில் ஒரு பங்காவது இருக்க வேண்டும், காற்றுப் போகத் திறக்கும் பகுதி இருபதில் ஒரு பங்காவது இருக்க வேண்டும். அம்மாவின் அறை 3 மீட்டருக்கு 3.6 மீட்டர் என்றால் தரை 10.8 சதுர மீட்டர், சன்னல் 1.08 சதுர மீட்டர். உங்கள் சன்னல் அவ்வளவு இருக்கிறது. எதிரே சுவர் எழுந்த பிறகும் அவ்வளவேதான் இருக்கிறது. விதி சன்னலை அளக்கிறது, சன்னலுக்கு வெளியே மிச்சமிருக்கும் வானத்தை அளப்பதில்லை.

இப்போது பக்கத்து வீட்டுக்குள் போய்ப் பாருங்கள். முன்பு அவருடைய பின்னறைச் சன்னல் அவருடைய முற்றத்தைப் பார்த்தது. முற்றத்தைச் சமையலறையாக்கியதும் அந்தச் சன்னல் அடுப்பைப் பார்க்கிறது. இனி அந்த அறைக்கு வெளிச்சம் எங்கிருந்து வரும்? வீட்டுக்கு நடுவே ஏர்வெல் விட்டிருந்தால் சரி. அதற்கும் அளவு இருக்கிறது: இரண்டு மாடி வரையிலான கட்டடத்தில் குறைந்தது 7 சதுர மீட்டர் பரப்பு, எந்தப் பக்கம் அளந்தாலும் 2.5 மீட்டருக்குக் குறையாத அகலம். பெரும்பாலும் அதையும் பிளாஸ்டிக் தகடு போட்டு மூடியிருப்பார்கள், அல்லது மாடிப்படியைக் கொண்டுபோய் அதற்குள் வைத்திருப்பார்கள்.

உங்கள் வீட்டில் அவர் உண்டாக்கிய இருட்டை விதி கண்டுகொள்ளவில்லை. தன் வீட்டுக்குள் அவரே உண்டாக்கிக்கொண்ட இருட்டு விதிமீறல். அபத்தமாகத் தோன்றும். ஆனால் சுவரை நிறுத்தக்கூடிய கைப்பிடி அங்கேதான் இருக்கிறது. முறையாகப் பிளான் போட்டிருந்தால், பதிவுபெற்ற வரைவாளரோ கட்டடக் கலைஞரோ அந்த ஏர்வெல்லை விட்டிருக்க வேண்டும், பின்னால் இடம் விட்டிருக்க வேண்டும், சுவரை உள்ளே தள்ளியிருக்க வேண்டும். அந்த இடைவெளி வழியாகத்தான் உங்கள் முற்றத்துக்கும் வெயில் வந்திருக்கும். அவர் தன் அறைக்குச் செய்ய வேண்டிய கடமையில் மிஞ்சுவதுதான் உங்கள் வெளிச்சம்.

பின் லோரோங் விஷயம் இதைவிடத் தெளிவானது, ஆனாலும் நாம் அதையும் குழப்பிக்கொள்கிறோம். முற்றத்தைத் தாண்டி, எல்லையைத் தாண்டி, லோரோங்கில் இரண்டடி சிமெண்டு போட்டு, அதன்மேல் வாஷிங் மெஷினும் கேஸ் தோம்பும் வைத்து, சாக்கடையை மூடி, இரும்புக் கதவும் மாட்டிவிடுவார்கள். அதையும் கடிதத்தில் "பக்கத்து வீட்டுக்காரர் எங்களுக்கு வழி விடவில்லை" என்று எழுதுகிறோம். அது நமக்கும் அவருக்கும் நடுவிலுள்ள வழக்கே அல்ல. லோரோங் அவருடையதும் அல்ல, நம்முடையதும் அல்ல. பொது இடத்தில் சுவரோ வேலியோ எழுப்புவது, சாக்கடையை மூடுவது எல்லாம் அதே 1974-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவு 46-இல் தடையென்று வருகிறது. இதற்குப் பிளான்கூடத் தேடத் தேவையில்லை, ஓர் அளவு நாடாவும் ஒரு படமும் போதும்.

இந்தப் பின்சந்து ஏன் வந்தது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். 1907-இல் டபிள்யூ. ஜே. சிம்ப்சன் என்ற மருத்துவர் சிங்கப்பூரின் சுகாதாரத்தைப் பற்றி ஓர் அறிக்கை எழுதினார். முதுகோடு முதுகு ஒட்டி நின்ற கடைவீடுகளுக்குள் காற்றும் வெளிச்சமும் புகாமல் காசநோய் பரவுவதைக் கண்டு, அந்த முதுகுகளுக்கு நடுவே சந்து வெட்ட வேண்டும் என்றார். மலக்கூடை எடுக்க வந்த வழி என்று மட்டும்தான் நம் தாத்தாக்களுக்கு அதைத் தெரியும். அது வெளிச்சத்துக்காகவும் வெட்டிய வழி. லோரோங்கை அடைப்பவர் நடைபாதையை மட்டும் அடைப்பதில்லை.

இதையெல்லாம் சொன்னால் தெருவில் மூன்று பதில் வரும். மூன்றையும் நான் நிறையக் கேட்டிருக்கிறேன்.

முதல் பதில், "அனுசரிச்சுப் போங்க. நாளைக்கு நெஞ்சு வலின்னா பக்கத்து வீட்டுக்காரன்தான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுவான்." ஓடுவார்தான். ஆனால் அனுசரிப்பு என்பது இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சம் விட்டுக்கொடுப்பது. ஒருத்தர் சுவர் எழுப்ப, இன்னொருத்தர் பகலில் லைட்டு போட்டுக்கொள்வதற்குத் தமிழில் வேறு சொல் இருக்கிறது. அதோடு, பேச வேண்டிய நேரம் ஒன்று உண்டு. தூணுக்குக் குழி வெட்டும் நாளில் போய், "அண்ணே, பிளான் பாஸாயிருச்சா? ஒரு தடவை காட்டுங்களேன்" என்று கேட்பது சண்டை இல்லை. கூரை போட்ட பிறகு கேட்பதுதான் சண்டை. நம் ஆட்கள் ஆறு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டு, பெயின்ட் அடிக்கும்போது பொங்குகிறார்கள். குழியை மூடுவது ஒருநாள் வேலை. இரண்டாவது மாடியை இடிக்கச் சொல்ல எந்த அதிகாரிக்கும் கை நடுங்கும்.

இரண்டாவது பதில், "எல்லாரும்தான் கட்டியிருக்காங்க, நம்ம வீட்லயும் முன்னால தகரம் இழுத்திருக்கோம்ல." தெருவையே வாயடைத்து வைத்திருப்பது இதுதான். ஒவ்வொரு வீட்டிலும் சின்னதாக ஒரு மீறல், அதனால் பெரிய மீறலைப் பற்றி யாருக்கும் பேச வாயில்லை. பெரிதாகக் கட்டுபவருக்கு இது நன்றாகத் தெரியும். ஆகவே புகார் எழுதுமுன் உங்கள் தகரத்துக்கு அனுமதி எடுங்கள், முடியாவிட்டால் கழற்றுங்கள். அதைச் செய்ய மனமில்லை என்றால் உங்கள் தகரத்தின் விலை அம்மாவின் வெளிச்சம் என்று தெரிந்துகொண்டு சும்மா இருங்கள். சட்டம் கறைபடாத கையைத்தான் கேட்கிறது என்று நான் சொல்லவில்லை. கேட்பது தெருதான், தெருவில் சாட்சி கிடைக்க அது வேண்டும்.

மூன்றாவதை மெதுவான குரலில் சொல்வார்கள். "அவங்க வேற இனம், தம்பி. பிரச்சினை பெருசாயிரும்." இந்தப் பயம் பொய்யில்லை. ஆனால் புலம்பல் கடிதம்தான் இதைப் பெரிதாக்குகிறது. 'யாரையும் மதிப்பதில்லை', 'இவர்கள் இப்படித்தான்' என்று எழுதிய கணத்தில் அது இரண்டு மனிதர்களின், பிறகு இரண்டு கூட்டத்தின் விவகாரமாகிவிடுகிறது. லாட் எண்ணுக்கு இனம் இல்லை. ஏழு சதுர மீட்டருக்கு மதம் இல்லை. பெயரே குறிப்பிடாமல் எண்ணையும் அளவையும் தேதியையும் மட்டும் எழுதிய கடிதத்தை யார் படித்தாலும் அதில் மனிதரைத் தேட முடியாது.

அப்படியொரு கடிதம் சிறியது, ஒரு பக்கம் போதும். எந்த லாட்டில், எந்தத் தேதியிலிருந்து, என்ன வேலை நடக்கிறது. முன்பு அங்கே என்ன இருந்தது, இப்போது என்ன இருக்கிறது, அளவோடு. உங்கள் வீட்டுக்குள் நின்று, ஒரே இடத்திலிருந்து, சில நாட்களுக்கு ஒருமுறை எடுத்த படங்கள். பிறகு இரண்டு கேள்விகள்: இந்த வேலைக்கு அங்கீகரிக்கப்பட்ட பிளான் இருக்கிறதா? இருந்தால் அதன் எண்ணும் தேதியும் என்ன? இல்லையென்றால், 'தன்பா கெபெனாரான்', அனுமதியின்றி நடக்கும் இந்த வேலைமீது பிரிவு 70, 72-இன்கீழ் என்ன நடவடிக்கை? கட்டடப் பிரிவுக்கு ஒன்று, நகலில் வரவு முத்திரை, புகார் எண். முத்திரை இல்லாத கடிதம் எழுதப்படாத கடிதம். அம்மாவைப் பற்றி ஒரு வரி எழுதலாம், கடைசியில்.

பிளான் இருக்கிறது, அதன்படியேதான் கட்டுகிறார் என்று பதில் வந்தால்? அப்போது அது அனுமதியில்லாத கட்டடம் அல்ல, உங்கள் புகார் அங்கே முடிகிறது. லோரோங்கும் சாக்கடையும் மட்டும் மிச்சம். அதையும் ஏற்றுக்கொள்ளத் தெரிய வேண்டும். ஆனால் பிளான் ஒன்று, கட்டடம் வேறொன்று என்றால் புகார் இன்னும் வலுக்கிறது. அதனால்தான் பிளானைப் பற்றிய கேள்வி முதலில் வர வேண்டும்.

பிளான் என்ற காகிதத்துக்கு எவ்வளவு பலம் என்று பார்க்க இந்தியாவின் நொய்டாவுக்குப் போக வேண்டும். சூப்பர்டெக் என்ற நிறுவனத்தின் எமரால்டு கோர்ட் குடியிருப்பில், வீடு வாங்கியவர்களுக்குத் தோட்டம் என்று காட்டிய இடத்தில், அபெக்ஸ், சியான் என்று இரண்டு கோபுரங்கள் எழுந்தன. அருகிலிருந்த கட்டடத்துக்கும் புதிய கோபுரத்துக்கும் நடுவே 9 மீட்டர். விதிப்படி குறைந்தது 16 மீட்டர் வேண்டும். குடியிருப்போர் சங்கம் வெளிச்சம் போச்சு, காற்று போச்சு என்று அழுதுகொண்டு நிற்கவில்லை. தகவல் உரிமைச் சட்டத்தில் பிளானைக் கேட்டது. நொய்டா ஆணையம் என்ன செய்தது தெரியுமா? கட்டுகிற நிறுவனத்திடமே, கொடுக்கலாமா என்று கேட்டது. நிறுவனம் வேண்டாம் என்றது, ஆணையம் கொடுக்கவில்லை. எதை மறைக்கிறார்கள் என்பது அந்த மறுப்பிலேயே தெரிந்துபோனது.

சங்கம் நீதிமன்றம் போனது. 2014 ஏப்ரலில் அலகாபாத் உயர் நீதிமன்றம் இடிக்கச் சொன்னது. 2021 ஆகஸ்டு 31 அன்று உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்து, அதிகாரிகளும் நிறுவனமும் கூட்டுச் சேர்ந்ததாக வெளிப்படையாகவே எழுதியது. 2022 ஆகஸ்டு 28 அன்று, ஏறக்குறைய நூறு மீட்டர் உயரக் கோபுரங்கள் சில நொடிகளில் தரைமட்டமாயின. உலகமே அந்த வெடியைப் பார்த்தது. எனக்கு முக்கியமாகப்பட்டது அந்த 9 என்ற எண். வழக்கின் முதுகெலும்பில் யாருடைய கண்ணீரும் இல்லை, 9-க்கும் 16-க்கும் உள்ள வித்தியாசம்தான் இருந்தது.

அது பணமுள்ள நகரத்துக் கதை என்று தள்ளிவிடாதீர்கள். கேட்கும் உரிமை நமக்கும் இருக்கிறது. மலேசியாவில் தகவல் சுதந்திரச் சட்டம் இயற்றிய மாநிலங்கள் மிகச் சில, அதில் பினாங்கு ஒன்று. 2015 தொடக்கத்திலிருந்து நடைமுறையில் இருக்கிறது. நம் தெருவில் அதைப் பயன்படுத்திய ஒருவரை எனக்குக் காட்டுங்கள். ஒய்.பி. அலுவலகத்தில் காலையிலிருந்து காத்திருந்து அவர் போனில் யாரையோ கூப்பிடுவதைப் பார்த்துத் திருப்திப்படுவோம், விண்ணப்பம் எழுதமாட்டோம்.

எழுதாமல் காலம் கடந்தால் என்ன ஆகும் என்பதற்குச் சென்னையைப் பாருங்கள். 1998-இல் தமிழ்நாட்டு நகரமைப்புச் சட்டத்தில் 113-ஏ என்றொரு பிரிவைச் சேர்த்தார்கள். பணம் கட்டினால் விதிமீறிய கட்டடம் முறையானதாகிவிடும். ஒருமுறை மட்டும் தரும் சலுகை என்ற அளவில் உச்ச நீதிமன்றம் 2000-இல் அதை ஏற்றது. பிறகு அந்த ஒருமுறை மறுமுறை, மறுபடி ஒருமுறை என்று நீண்டது. கடைசியில் 2006-இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்த நீட்டிப்புகளை ரத்து செய்ய வேண்டியதாயிற்று. இங்கேயும் கட்டி முடித்த பிறகு பிளான் போட்டு அனுமதி கேட்கும் வழக்கம் இருக்கிறது. அந்த விண்ணப்பம் வருமுன்பே, ஏர்வெல் இல்லை, முற்றம் இல்லை, லோரோங்கில் இரண்டடி ஏறியிருக்கிறது என்று தேதியிட்ட உங்கள் கடிதம் கோப்பில் இருக்க வேண்டும். பிறகு வரும் அதிகாரி அதைத் தாண்டிக் கையெழுத்துப் போட யோசிப்பார்.

இத்தனைக்கும் கடைசியில் ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. கடிதம் சரியாக இருந்தும் யாரும் அசையவில்லை என்றால் யாரைத் தண்டிப்பது? ஜார்ஜ் டவுனுக்கு 1957-இல் நகர அந்தஸ்து கிடைத்தது. அதன் தொடக்ககால மேயர்களில் ஒருவர் டி. எஸ். ராமநாதன் என்ற தமிழர், தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றத்தின் மேயர். 1965-இல் உள்ளாட்சித் தேர்தல்களை நிறுத்திவைத்தார்கள். ஆதி நாகப்பன் தலைமையிலான அரச விசாரணை ஆணையம் தேர்தல் வேண்டும் என்று 1968-இல் பரிந்துரைத்தது, அரசு ஏற்கவில்லை. 1976-ஆம் ஆண்டுச் சட்டம் தேர்தலை ஒரேயடியாக எடுத்துவிட்டது. பினாங்கு மாநிலம் திரும்பக் கொண்டுவர முயன்றது, 2014-இல் கூட்டரசு நீதிமன்றம் மாநிலத்துக்கு அந்த அதிகாரம் இல்லை என்றது. 2019-இல் செபராங் பிறை மாநகரானது. மாநகரத்துக்குக் கொடி வந்தது, ஓட்டு வரவில்லை. நம் கவுன்சிலர்கள் நியமிக்கப்படுகிறவர்கள்.

அசையாத மன்றத்தை அடுத்த தேர்தலில் மாற்றுவேன் என்று நம்மால் சொல்ல முடியாது. அதனால்தான் ஓட்டு இருக்கும் ஊரைவிட இங்கே கடிதத்தின் எடை கூட. தேதியும் முத்திரையும் எண்ணும் உள்ள கடிதம் ஒன்றுதான், நீதிமன்றத்திலோ தணிக்கையிலோ என்றைக்காவது ஒருநாள், 'உங்களுக்குத் தெரிந்திருந்தது' என்று அவர்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லக்கூடியது. இரக்கம் கேட்ட மனுவுக்கு மௌனம்கூட ஒரு பதில்தான், இரக்கம் வரவில்லை என்று அர்த்தம். பிளான் இருக்கிறதா என்ற கேள்விக்கு மௌனம் பதிலாகாது.

அடுத்த முறை உங்களிடம் யாராவது கடிதம் எழுதக் கேட்டு வந்தால், அவர் சொல்லும் கதையை முழுக்கக் கேளுங்கள். கேட்டு முடித்ததும் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு அவரோடு அந்த வீட்டுக்குப் போங்கள்.